சுடுமண் நகை: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் வீட்டு மொட்டை மாடியில் டெரகோட்டா நகை செய்கிறேன். கல்லூரிப் பெண்களுக்கு நேரடியாகவும், பொட்டிக் என்று சொல்லப்படும் மூன்று சின்ன ஆடை, நகைக் கடைகளுக்கு மொத்தமாகவும் கொடுக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் வாட்ஸப்பில் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. தனித்தனியாகப் பதில் தட்டச்சு செய்து அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அக்கா, பட்டு நூல் வளையல், மணி மாலை, டெரகோட்டா மூன்றில் எதில் ஆரம்பிக்கலாம்?

கையில் இரண்டாயிரம் ரூபாய்தான் இருக்கிறது, அடுத்த வாரமே விற்றாக வேண்டும் என்றால் பட்டு நூல். பிளாஸ்டிக் வளையல், நூல்கண்டு, பசை, கல் ஒட்டிய லேஸ், அவ்வளவுதான். ஒரு சாயங்காலத்தில் கை பழகிவிடும். ஆனால் உங்களுக்கு ஒரு சாயங்காலத்தில் பழகுவது உங்கள் தெருவில் இன்னும் நாலு பேருக்கும் பழகிவிடும். நான் பட்டு நூலில்தான் தொடங்கினேன். வளையல் செட் விலை வருஷா வருஷம் இறங்கியதைப் பார்த்துத்தான் மண்ணுக்கு வந்தேன்.

டெரகோட்டாவில் முதல் மூன்று மாதம் உடைசல்தான் மிஞ்சும். அந்த மூன்று மாதத்தில் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். கசப்பாக இருந்தாலும், தங்கிவிட்டவர்களுக்கு விலை நிற்பது அதனால்தான். கீழே உள்ளதெல்லாம் டெரகோட்டாவைப் பற்றித்தான்.

எந்த மண் வாங்குவது? கண்மாய் மண்ணில் செய்ய முடியாதா?

முடியும், ஆனால் முதல் ஆறு மாதம் பாக்கெட் மண்ணே வாங்குங்கள். ஒரு கிலோ, ஐந்து கிலோ கட்டிகளாகப் பிளாஸ்டிக் சுற்றி விற்கிறார்கள். சலித்து, பிசைந்து, ஈரம் அளவாக இருக்கும். பிரித்த கட்டியை ஈரத்துணியில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். காய்ந்துவிட்டாலும் வீணில்லை. நொறுக்கித் தண்ணீரில் ஊறவைத்தால் திரும்பக் களிமண்தான். சுடுகிற வரை மண் மன்னிக்கும்.

கண்மாய் மண்ணென்றால் வாளியில் இரண்டு நாள் ஊறவைத்து, கூழாகக் கரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, வடிந்ததில் அடியில் தங்குவதைச் சப்பாத்தி மாவுப் பதத்துக்கு உலர்த்த வேண்டும். பதம் பார்க்க, பென்சில் கனத்துக்கு ஒரு திரி உருட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். வெடிக்காமல் வளைந்தால் ஆகும். அடுத்து சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காய்ந்த மண் துண்டில் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் அந்த மண் வேண்டாம். கிளிஞ்சல் தூளோ சுண்ணாம்புக் கல்லோ கலந்திருக்கிறது. அது எப்படிக் கழுத்தறுக்கும் என்பதை உடைசல் கேள்வியில் சொல்கிறேன்.

காய எத்தனை நாள் விடணும்? வெயிலில் வைத்தால் சீக்கிரம் ஆகாதா?

ஆகும், வளைந்தும் போகும். வெயில் படும் பக்கம் முதலில் சுருங்கி, படாத பக்கத்தை இழுக்கும். தட்டையாகத் தட்டிய தோடு கிண்ணம் மாதிரி வளைந்து நிற்பது இதனால்தான். நிழலில், செய்தித்தாள் மேல், ஒரு நாளைக்கு இரண்டு தடவை திருப்பிப்போட்டு மூன்று நான்கு நாள் வையுங்கள். கடைசி நாள் மட்டும் வெயில். கார்த்திகை மழையில் எனக்கு எட்டு நாள் கூட ஆகியிருக்கிறது.

காய்ந்ததா என்று விரலால் பார்க்காதீர்கள், கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. கன்னத்தின் சூட்டிலேயே இருந்தால் காய்ந்துவிட்டது. மானாமதுரையில் மண்பாண்டம் செய்யும் ஒரு பெரியம்மா சொல்லிக்கொடுத்தது இது. இன்றைக்கும் தட்டு எடுத்தவுடன் கை தானாகக் கன்னத்துக்குப் போகிறது.

காயும்போதும் சுடும்போதும் சேர்த்து மண் சுமாராகப் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அதனால் ஒரு ஜோடி ஜிமிக்கியின் இரண்டு குடைகளையும் ஒரே உருண்டையிலிருந்து, ஒரே நாளில், ஒரே அச்சில் எடுங்கள். இன்று ஒன்று நாளை ஒன்று என்று செய்தால் ஈரப்பதம் மாறி, சுட்ட பிறகு ஒன்று பெரிதாக நிற்கும். காதில் போட்டால்தான் அது தெரியும். வாங்கினவளுக்குத் தெரியும்போது உங்களுக்குப் பணம் திருப்பித் தரும் நேரம் வந்திருக்கும்.

வீட்டில் சூளை இல்லை. எப்படிச் சுடுவது? மைக்ரோவேவில் வைக்கலாமா?

மைக்ரோவேவ் வேண்டாம். கேக் சுடும் ஓவனும் போதாது. அதன் உச்சச் சூடு 250 டிகிரி அளவில்தான். அதில் மண் நன்றாகக் காயுமே தவிர சுடப்படாது. மண்ணுக்குள் பிணைந்திருக்கும் தண்ணீர் 500, 600 டிகிரி தாண்டினால்தான் வெளியேறுகிறது. அப்போதுதான் அது திரும்பக் கரையாத பொருளாக மாறுகிறது. ஓவனில் வைத்த தோட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், காலையில் டம்ளரில் சேறு இருக்கும்.

நான் செய்வது இப்படி. அகலமான பழைய மண் பூந்தொட்டி ஒன்று, அடியில் ஓட்டை உள்ளது. பக்கத்திலும் விரல் நுழையும் அளவுக்கு மூன்று ஓட்டை போட்டிருக்கிறேன். மொட்டை மாடியில் மூன்று செங்கல் மேல் அதை வைக்கிறேன், அடியில் காற்றுப் போக. உள்ளே மூன்று விரல்கடை உயரம் உமி. அதன் மேல் ஓட்டை போட்ட ஒரு பழைய எவர்சில்வர் டப்பாவில் நகைகள், ஒன்றையொன்று அழுத்தாமல். டப்பாவைச் சுற்றிக் கொட்டாங்கச்சியும் கரியும். மேலே மூடியாக உடைந்த ஓட்டுத் துண்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு.

முதல் ஒரு மணி நேரம்தான் உயிர். உமியைப் பற்றவைத்துக் கணகணவென்று கனிய விட்டுவிடுங்கள், ஊதாதீர்கள். கன்னத்தில் சில்லிடாத மண்ணில் கூடக் கொஞ்சம் ஈரம் மிச்சம் இருக்கும், அது மெதுவாக வெளியேற வேண்டும். பிறகு கொட்டாங்கச்சி தீப்பிடித்துச் சூடு ஏறும். இருட்டுகிற நேரத்தில் சுடுவது என் வழக்கம். ஓட்டை வழியாகப் பார்த்தால் நகைகளே மங்கலான சிவப்பில் ஒளிர்வது தெரியும். பகலில் அது தெரியாது. அந்தச் சிவப்பு வந்த பிறகு முக்கால் மணி நேரம் கரி போட்டுப் போட்டு அதே சூட்டில் நிறுத்துங்கள். அப்புறம் கையை எடுத்துவிடுங்கள். காலையில்தான் திறக்க வேண்டும்.

நைலான் துப்பட்டாவோடு தொட்டிப் பக்கம் நிற்காதீர்கள். அக்கம்பக்கத்து வீட்டில் துணி காய்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு வந்த சண்டையில் பாதி புகையால் வந்தது.

அடுக்குமாடியில் இருந்தால் இதெல்லாம் முடியாது. பக்கத்தில் குயவர் யார் இருக்கிறார் என்று விசாரியுங்கள். அவர் சூளை வைக்கும் நாளில், மூடி போட்ட ஒரு சின்னச் சட்டியில் உங்கள் நகைகளை அடுக்கிக் கொடுத்தால் பானைகளுக்கு நடுவில் வைத்துச் சுட்டுத் தருவார். வீட்டுத் தொட்டியை விடச் சூடு சீராக ஏறி, சீராக இறங்கும். உடைசல் குறையும். சட்டிக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள்.

பாதி சிவப்பு, பாதி கறுப்பாக வருகிறதே, வேகவில்லையா?

வெந்திருக்கும், காற்றுப் பட்டிருக்காது. மண்ணில் இருக்கும் இரும்பு, காற்றோடு சுட்டால் சிவக்கிறது. காற்று அடைபட்டுப் புகைக்குள் சுட்டால் கறுக்கிறது. உமியில் புதைந்த பக்கம் கறுப்பு, திறந்த பக்கம் சிவப்பு. இதைக் குறை என்று நினைப்பவர்கள் மதுரையிலிருந்து கீழடி போய் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கும் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளைப் பார்த்துவிட்டு வரலாம். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. நமக்குத் தப்பித்தவறி வருவதை அவர்கள் வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள்.

பெயிண்ட் அடிக்கப்போகிறீர்கள் என்றால் திட்டு ஒரு பிரச்சினையே இல்லை. மண் நிறத்திலேயே விற்கும் நகையென்றால் அதே துண்டுகளைக் காற்று நன்றாகப் போகும்படி இன்னொரு தடவை சுடுங்கள், சிவந்துவிடும். முழுக் கறுப்பு வேண்டுமென்றால் நகையை மரத்தூளோடு மூடி போட்ட டப்பாவில் அடைத்து, இடுக்கை மண் பூசி மூடிச் சுடுங்கள். கறுப்பு ஜிமிக்கியும் வெள்ளி நிறக் கொக்கியும் போன வருஷம் எனக்கு அதிகம் போனவற்றில் ஒன்று. பெயிண்ட் செலவும் இல்லை.

சுடும்போது உடைந்துவிடுகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

உடைந்த துண்டை அனுப்புங்கள், சொல்கிறேன். வெறும் 'உடைந்துவிட்டது' என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உடைந்த விதமே காரணத்தைக் காட்டும்.

தீ மூட்டிய அரை மணிக்குள் 'டப்' என்று சத்தம் கேட்டு, துண்டு துண்டாகச் சிதறியிருந்தால் ஈரம். உள்ளே இருந்த தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் வெடித்திருக்கிறது. கனமான பெண்டன்ட், உருண்டையான மணி இவற்றில்தான் அதிகம் நடக்கும். தோடு தப்பித்து பெண்டன்ட் மட்டும் வெடிக்கிறது என்றால் பெண்டன்ட் இன்னும் இரண்டு நாள் காய வேண்டும், அவ்வளவுதான். மணிக்குள் ஊசி ஓட்டை இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் முழுசாக வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

சிதறாமல், ஒட்டிய இடத்தில் மட்டும் பூ கழன்று வந்திருந்தால் ஒட்டியதில் கோளாறு. ஈர மண்ணை ஈர மண்ணோடு அழுத்தினால் போதாது. இரண்டு பக்கமும் ஊசியால் கீறி, மண்கூழ் தடவி, லேசாக அசைத்து அழுத்த வேண்டும். பாதி காய்ந்த தோட்டின் மேல் புது ஈர மண்ணில் செய்த பூவை ஒட்டினாலும் கழன்றுவிடும். பூ அதிகமாகச் சுருங்கும், தோடு சுருங்காது.

மயிரிழை மாதிரி ஒரு கோடு, தட்டினால் 'டக்' என்ற செத்த சத்தம், இது அவசரமாக ஆற வைத்தது. மண்ணில் இருக்கும் மணல் துகள் 573 டிகிரி அளவில் சட்டென்று அளவு மாறும். அந்தச் சூட்டை மெதுவாகக் கடக்க வேண்டும், ஏறும்போதும் இறங்கும்போதும். ராத்திரியே ஆசைப்பட்டுத் திறந்து இடுக்கியால் வெளியே எடுத்தால் இந்தக் கோடுதான். நல்ல துண்டு 'கிண்' என்று சொல்லும். சுட்டு எடுத்த ஒவ்வொன்றையும் நகத்தால் சுண்டிக் கேட்டுவிட்டுத்தான் பெயிண்ட் தட்டில் வைக்கிறேன்.

நாலாவது வகை ரொம்ப மோசம். அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். பத்து நாள் கழித்துத் தோட்டின் மேலே அப்பளம் மாதிரி ஒரு சின்ன வட்டம் பெயர்ந்து, நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியும். அதுதான் சுண்ணாம்பு. சூட்டில் கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பாகி, பிறகு காற்றின் ஈரத்தை இழுத்து ஊதிப் பெருத்து மேலே இருப்பதைத் தள்ளுகிறது. ஒருமுறை கண்மாய் மண்ணில் செய்த 40 தோட்டில் இப்படி ஆயிற்று. பாதி அதற்குள் விற்றுப்போயிருந்தது. அந்தப் பெண்களைத் தேடித் தேடி மாற்றிக்கொடுத்தேன். வினிகர் சொட்டு பார்ப்பது அதிலிருந்து வந்த பழக்கம்.

கொக்கி, கம்பியை எப்போது வைப்பது?

ஜிமிக்கியின் வளையக் கம்பியை ஈர மண்ணிலேயே புதைத்துச் சுட வேண்டுமென்றால் நிக்ரோம் கம்பி வாங்குங்கள். சாதாரணக் கடை ஐ-பின் நெருப்பில் கறுத்து முறுகிவிடும். மூன்றாவது நாள் கையோடு வரும். நிக்ரோம் கிடைக்காவிட்டால் ஊசியால் ஓட்டை மட்டும் போட்டுச் சுட்டு, பிறகு பின்னைக் கோத்து மேலே வளையுங்கள்.

தோட்டின் பின்தண்டு சுட்ட பிறகுதான். தட்டைத் தலையுள்ள தண்டை இரண்டு டியூப் கலந்து ஒட்டும் எபாக்சி பசையால் ஒட்டி, ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள். உடனே ஒட்டும் சொட்டுப் பசை கெட்டியாக ஒட்டியது போலத்தான் இருக்கும். கீழே விழுந்ததும் தெறித்துவிடும். ஒட்டும் இடத்தில் பெயிண்ட் இருக்கக் கூடாது. இருந்தால் பசை பெயிண்ட்டைத்தான் பிடிக்கும், மண்ணை அல்ல. 'தண்டு கழன்றுவிட்டது அக்கா' என்று வரும் புகாரில் தண்டின் தலையில் பெயிண்ட் தோல் உரிந்து ஒட்டியிருப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

எடை பாருங்கள். சமையல் தராசு போதும். ஒரு காதுக்கு 10 கிராம் தாண்டினால் காலையில் போட்டவள் மத்தியானம் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வாள். இரண்டாம் முறை வாங்கமாட்டாள்.

பெயிண்ட் ஒட்டிக்கொள்கிறது, பிசுபிசுக்கிறது. எந்த பிராண்ட் நல்லது?

பிராண்ட் காரணமில்லை. அக்ரிலிக் பெயிண்ட்டும் வார்னிஷும் தொட்டால் காய்ந்தது போல இருந்தாலும் உள்ளே இறுக நாளாகும். ஒரே கனமாகப் பூசாமல் மெல்லிசாக இரண்டு தடவை, நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டுப் பூசுங்கள். மழை நாளில் வார்னிஷ் அடித்தால் வெள்ளைப் படலம் பூத்தது மாதிரி மங்கும்.

முக்கியமான தப்பு பேக்கிங்கில். வார்னிஷ் அடித்த நகையை நேராக ஜிப் கவரில் போட்டு மதுரை மே மாதத்தில் பைக் டிக்கியில் வைத்தால் கவரும் நகையும் ஒன்றாகிவிடும். பிரிக்கும்போது தங்க நிறம் கவரோடு போகும். வெண்ணெய்த் தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வையுங்கள். அதுவும் வார்னிஷ் அடித்து ஐந்தாறு நாள் கழித்து.

விலை எப்படிப் போடுவது? 'மண்ணுக்கா இவ்வளவு' என்கிறார்கள்.

மண்ணுக்கு இல்லை என்று உங்களுக்கே தெரிய ஒரு தடவை கணக்கு எழுதுங்கள். போன மாதம் நான் போட்ட ஒரு சூட்டின், அதாவது ஒரு தடவை சுட்டதன் கணக்கு இது. 20 ஜோடி ஜிமிக்கி செய்தேன். ஒரு ஜோடி வெடித்தது, ஒன்றில் மயிரிழை, ஒன்று பெயிண்ட் அடிக்கும்போது கீழே விழுந்தது. விற்க மிஞ்சியது 17.

மண் 30 ரூபாய். பெயிண்ட், வார்னிஷ் 120. கரி, கொட்டாங்கச்சி 60. கொக்கி, பின், ஸ்டாப்பர் ஜோடிக்கு 8 வீதம் 136. பெட்டி, அட்டை ஜோடிக்கு 9 வீதம் 153. மொத்தம் 499, சரி, 500 என்று வைப்போம். அடுத்தது பலரும் எழுதாமல் விடும் வரி. உருவம் செய்ய 6 மணி, சூடு பார்க்க 2, பெயிண்ட் 6, கோத்துப் பெட்டியில் போட 2, ஆக 16 மணி நேரம். மணிக்கு 60 ரூபாய் என்று எனக்கு நானே கூலி வைத்திருக்கிறேன், 960. கூட்டினால் 1,460.

இதை 20 ஆல் வகுக்காதீர்கள், 17 ஆல் வகுங்கள். ஜோடிக்கு 86 ரூபாய். 20 ஆல் வகுத்தால் 73 வரும், அந்த 13 ரூபாயை உடைசல் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போயிருக்கும். தொடக்கத்தில் மூன்றில் ஒன்று உடையும்போது 13 என்பது 30ஐத் தாண்டியும் போகும். அதனால் சூட்டுக்கு ஒரு நோட்டுப் பக்கம் போட்டு எத்தனை உள்ளே போனது, எத்தனை விற்பனைக்கு வந்தது என்று எழுதிவையுங்கள்.

கல்லூரிப் பெண்ணுக்கு நேராக 150 ரூபாய்க்குக் கொடுத்தால் 64 நிற்கும். பேருந்துச் செலவு, இலவசமாகக் கொடுத்த மூக்குத்தி எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும்.

கல்லூரிப் பெண்கள் 'நாளைக்கு வேணும், இந்தச் சேலைக்கு மேட்சா வேணும்' என்கிறார்கள். காயவே நாலு நாள் ஆகும்போது எப்படி முடியும்?

சுட்டு வைத்த வெறும் துண்டுகளை இருப்பு வையுங்கள். என் தொழில் நிமிர்ந்தது இந்த ஒரு பழக்கத்தால்தான். மாதத்தில் இரண்டு சூடு போட்டு, பெயிண்ட் அடிக்காமல் ஜிமிக்கிக் குடை, வட்டத் தோடு, மாங்காய் பெண்டன்ட், மணிகள் என்று பிஸ்கட் டப்பாக்களில் பிரித்து வைத்திருக்கிறேன். ஆர்டர் வந்தால் செய்யவேண்டியது பெயிண்ட்டும் கோப்பும் மட்டும். இரண்டு நாள் போதும். மண் வேலை மழைக்கும் வெயிலுக்கும் கட்டுப்பட்டது. நிற வேலை அப்படியில்லை. இரண்டையும் பிரித்துவிட்டால் பொங்கல் விழா, எத்னிக் டே, மார்ச் மாத ஃபேர்வெல் எதற்கும் பயமில்லை.

நிறம் ஒத்துப்போவதற்கு வாட்ஸப் படத்தை நம்பாதீர்கள். ஒருமுறை மயில் கழுத்து நிறச் சேலை என்று படம் அனுப்பினாள் ஒரு பெண். டியூப் லைட்டில் எடுத்தது. நான் நீலமாக அடித்தேன், சேலை ஏறக்குறையப் பச்சை. இப்போது பிளவுஸ் வெட்டின ஓரத் துணியில் ஒரு விரல் அளவு கேட்கிறேன். அதைப் பக்கத்தில் வைத்து, காய்ந்த பிறகு ஒப்பிடுகிறேன். அக்ரிலிக் ஈரத்தில் இருப்பதை விடக் காய்ந்ததும் ஒரு படி கறுத்து நிற்கும். துணி கிடைக்காவிட்டால் நேராகத் தங்க நிறமோ செப்பு நிறமோ அடித்து, ஓரத்தில் மட்டும் சேலை நிறம் வையுங்கள். கொஞ்சம் தவறினாலும் கண் மன்னிக்கும்.

வகுப்பு முழுக்க 30 பேருக்கு ஒரே மாதிரி என்ற ஆர்டர் வந்தால் பாதிப் பணம் முன்பணம். ஒரே ஒரு பெண்ணிடம் மட்டும் பேசுங்கள், வசூலும் அவள் பொறுப்பு. அவளுக்கு ஒரு செட் இலவசம். 30 ஜிபே தகவல்களை யார் யாருடையது என்று தேடிக்கொண்டிருந்த ராத்திரி எனக்கு ஒன்று போதும்.

நீங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால் மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்தில் கல்லூரிச் சந்தை எப்போது என்று கேட்டுவையுங்கள். கல்லூரி வளாகத்துக்குள்ளேயே குழுக்களுக்கு மேசை போட்டுக் கொடுக்கிறார்கள். அங்கே போகும்போது 30 ரூபாய், 50 ரூபாய்க்கு ஒற்றைக் கல் தோடு நிறைய எடுத்துப்போங்கள். செட்டை எல்லாரும் தொட்டுப் பார்ப்பார்கள், பையில் போடுவது சின்னத் தோட்டைத்தான்.

பொட்டிக்காரர் 'வச்சுட்டுப் போங்க, வித்தா தர்றோம்' என்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் கணக்கு வேறு. கடைக்காரர் பொதுவாக 40 சதவீதம் கேட்பார். அவர் வாடகை, ஏசி, ஆள் சம்பளம் எல்லாம் அதில்தான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் 150 ரூபாய் ஜிமிக்கியை அதே விலைக்கு அங்கே வைத்தால் உங்களுக்கு 90 வரும், 86 அடக்கம். நாலு ரூபாய்க்கு ஒரு ஜிமிக்கி. 220 என்று ஒட்டினால் 132 வரும், 46 நிற்கும். ஆனால் உங்கள் இன்ஸ்டாகிராமில் அதே ஜிமிக்கி 150 என்று இருப்பதை ஒரு பெண் கடையில் நின்றபடியே எடுத்துக் காட்டினால் கடைக்காரர் அன்றைக்கே எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுத் திருப்பிவிடுவார். எனக்கு அது நடந்திருக்கிறது. தப்பு என்னுடையது.

இப்போது பொட்டிக்குப் போவது வேறு டிசைன். நெக்லஸும் ஜிமிக்கியும் சேர்ந்த செட், கல் பதித்தது, கொஞ்சம் பெரிய பெட்டி. அவற்றை நான் வேறெங்கும் விற்பதில்லை. கல்லூரிக்குப் போவது எளிய டிசைன். ஒன்று மற்றொன்றின் விலையைக் கெடுக்காது.

'வித்தா தர்றோம்' என்பதை ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தேதி, டிசைன் எண், எத்தனை, கடை விலை, உங்களுக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் கணக்குப் பார்ப்பது. இன்னும் இரண்டு வரி கட்டாயம் சேருங்கள். காணாமல் போனதும் உடைந்ததும் விற்றதாகவே கணக்கு. 60 நாளுக்குள் விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்வேன். ஒரு கடை எனது 40 செட்டில் 31ஐ எட்டு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்தது. வெயில் அடிக்கும் கண்ணாடி அலமாரியில் இருந்து வார்னிஷ் மஞ்சளித்து, இளஞ்சிவப்பெல்லாம் வெளுத்திருந்தது. நோட்டில் நாள் எழுதாததால் பேசவும் முடியவில்லை. கொஞ்சத்தை மறுபடி பெயிண்ட் அடித்து மீட்டேன்.

இருபது செட்டுக்குக் குறையாமல் ரொக்கத்துக்கு எடுப்பவர் என்றால் 50 சதவீதத்துக்குக் கூடக் கொடுக்கிறேன். அந்த மாதக் கரிக்கும் பெயிண்ட்டுக்கும் காசு கையில் இருக்கும். 'வித்தா தர்றோம்' என்று கடையில் போட்டுவைத்த சரக்கை விட அது மேல்.

ஜிஎஸ்டி, உத்யம் எல்லாம் வாங்கணுமா?

தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்பவருக்கு வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. வெளிமாநிலத்துக்கு அனுப்பவோ, பெரிய ஆன்லைன் தளங்களில் விற்கவோ போனால் விதி மாறும், அப்போது ஒரு ஆடிட்டரிடம் கேளுங்கள். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு udyamregistration.gov.in தளத்தில் இலவசம். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரை மணி வேலை. அதே மாதிரித் தோற்றத்தில் ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும், முகவரியைப் படித்துவிட்டு உள்ளே போங்கள்.

மழையில் நனைந்தால் கரைந்துவிடுமா என்று வாங்குகிறவர்கள் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

சொல்லாதீர்கள், காட்டுங்கள். என் மேசையில் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பெயிண்ட் அடிக்காத ஒரு தோடு எப்போதும் கிடக்கும். அது நான்கு மாதமாக அங்கேதான் கிடக்கிறது. சுட்ட மண் கரையாது. ஆனால் பெயிண்ட் அப்படியில்லை. வேர்வையும் சென்ட்டும் பட்டால் காலப்போக்கில் மங்கும். சென்ட் முதலில், நகை கடைசியில் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். கழற்றியதும் உலர்ந்த துணியில் ஒரு துடைப்பு.

கீழே போட்டால் உடையும், அதையும் மறைக்காதீர்கள். ஜோடியில் ஒன்று உடைந்தால் மற்றதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். டப்பாவில் அதே அச்சில் எடுத்த வெறும் குடை இருக்கும், பழையதை வைத்துக்கொண்டே நிறம் பார்த்து அடித்து 60 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். உடைந்ததை எடுத்துக்கொண்டு வரும் பெண் பெரும்பாலும் தோழியையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறாள்.